மணக்காத புட்டி

அந்த வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது முத்துமாரிக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அங்கே எதற்கும் மணமில்லை. சுவரில் பெருமாள் படம் இருந்தது, ஊதுபத்தி இல்லை. படத்துக்குப் பிளாஸ்டிக் பூ. குளியலறையில் வெள்ளைக் கட்டியாய் ஒரு சோப்பு, மூக்கருகே கொண்டுபோனாலும் கல்லைப்போல இருந்தது. தரை துடைக்க வெறும் தண்ணீர். ஆள் வாழும் வீடு இப்படி இருக்குமா என்று அவளுக்கு உள்ளூரச் சில்லிட்டது.

டில்லி ஜனக்புரியில் முதல் மாடி வீடு அது. ரங்கராஜன் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி பட்டுவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை மூன்று நான்கு சொற்கள்தான். வா, போ, வேண்டாம், கை. எந்தச் சொல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

முத்துமாரிக்கு வயது நாற்பத்தொன்று. டில்லியில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் பிறந்தவள். அப்பா அம்மா கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பத்தொன்பது வயதில் ஓக்லாவில் ஒரு பட்டறையில் துணியில் பொத்தான் அழுத்தும் எந்திரத்தில் வேலைக்குப் போனாள். வலது கை மோதிர விரலின் நுனி அங்கேயே போயிற்று. பிறகு வீட்டு வேலை, ஆஸ்பத்திரியில் துப்புரவு, அங்கே நர்சுகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு நோயாளிகளைக் கவனிக்கும் வேலை. படுத்த படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் திருப்பிப் போடவும், இடுப்பு நோகாமல் தூக்கி உட்கார வைக்கவும் அவளுக்கு நன்றாகத் தெரியும். கேம்ப்பை இடித்த பிறகு நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. அங்கிருந்து ஜனக்புரிக்குப் பஸ்ஸும் மெட்ரோவுமாய் இரண்டு மணி நேரம். புருஷன் பூவராகவன் டெம்போ ஓட்டினான். மகள் தமிழ்செல்வி பதினொன்றாவது படித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே பட்டுவின் மகள் மது அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டாள். மதுவுக்கு நொய்டாவில் ஒரு டிவி சேனலில் வேலை. தமிழ் பாதி, ஹிந்தி பாதியாகப் பேசுவாள்.

"அம்மாவுக்கு ஸ்கின் ரொம்ப சென்ஸிட்டிவ். வாசனை எதுவுமே ஆகாது. நாலு வருஷம் முன்னாடி முதுகுல டெஸ்ட் பண்ணாங்க. குட்டிக் குட்டியா மருந்து ஒட்டி ரெண்டு நாள் வெச்சாங்க. எடுத்துப் பார்த்தப்போ வாசனைப் பொருள் வெச்ச இடம் மட்டும் சிவந்து பொங்கியிருந்தது. அதனால நீங்க பவுடர், சென்ட், மணக்கிற எண்ணெய் எதுவும் போட்டுக்க கூடாது. கையில தடவுறதுகூட. சமஜ் கயி நா?"

"புரியுது தீதி."

மது ஒரு தாளில் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு சொல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். அன்சென்டட். மணமில்லாதது. கடையில் எது வாங்கினாலும் அதன் மேல் இந்தச் சொல் இருக்க வேண்டும் என்றாள். முத்துமாரிக்குத் தமிழும் ஹிந்தியும் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. அந்த எழுத்துகளை ஒரு சிட்டையில் அப்படியே பார்த்து வரைந்து பையில் வைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் ஒரு குறையும் வரவில்லை. டிசம்பர் பாதியில் பனிமூட்டம் இறங்கியது. பகல் பதினொரு மணிக்கும் எதிர் வீட்டு மொட்டை மாடி தெரியாது. அந்தக் குளிரில் முத்துமாரியின் கைகள் பிளந்தன. நாளெல்லாம் தண்ணீரில் நனையும் கை. இதுவரை வெறும் வாஸ்லின் தடவிச் சமாளித்தவளுக்கு அது போதவில்லை. நரேலா மார்க்கெட்டில் மருந்துக் கடைக்குப் போய்ச் சிட்டையை நீட்டினாள். கடைக்காரர் ஒரு வெள்ளைப் புட்டியை எடுத்து வைத்தார். சிட்டையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் புட்டியின் மேலிருந்த எழுத்தோடு விரலால் ஒத்துப் பார்த்துவிட்டே வாங்கினாள். மோந்தும் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடம் வந்தது.

ஞாயிறு முத்துமாரிக்கு விடுமுறை. அன்று மது வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வாள். ஸ்வெட்டரைக் கழற்றி ரவிக்கை மாற்றும்போது இரண்டு மேற்கைகளிலும் சிவப்பாகத் திட்டுகள் தெரிந்தன. படுக்கை அழுத்தியிருக்கும் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை முத்துமாரியும் பார்த்தாள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். வாரக் கடைசிக்குள் திட்டு மங்கிப் போனது.

அதற்கடுத்த ஞாயிறு திட்டுகள் கோடுகளாக இருந்தன. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. மது அம்மாவின் முகத்தருகே குனிந்து, "யாரும்மா? யார் என்ன பண்ணா?" என்று கேட்டாள்.

பட்டு கதவுப் பக்கம் பார்த்தாள். கதவில் யாரும் இல்லை.

"கை," என்றாள்.

மது அன்றே அறையில் கேமரா வாங்கி மாட்டினாள். முத்துமாரியிடமும் சொன்னாள். முத்துமாரி வருத்தப்படவில்லை. இருக்கட்டும் தீதி, எனக்கும் நல்லதுதான் என்றாள். அந்த வாரம் முழுக்கக் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மாலை முத்துமாரி பாட்டியாலா ஷாலைப் போர்த்திக்கொண்டு கிளம்பும்போது பட்டு மாமியின் ஸ்வெட்டர் கையை ஒருமுறை விலக்கிப் பார்த்தாள். லேசாகச் சொரசொரத்தது, அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் மது ஸ்வெட்டரைக் கழற்றினாள். இடது மேற்கையின் பின்பக்கம் நான்கு விரல்கள் தெளிவாக எழும்பியிருந்தன. முன்பக்கம் கட்டைவிரல். தொட்டால் சூடாக இருந்தது.

அவளும் அப்பாவும் லேப்டாப்பில் சனி இரவிலிருந்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். பட்டு தூங்கினாள். ரங்கராஜன் தண்ணீர் கொடுத்தார், போர்வையை இழுத்துவிட்டார். வேறு யாரும் கட்டிலை நெருங்கவில்லை. காலை ஒன்பது மணி வாக்கில் பட்டு தன் இடது கையைத் தூக்கப் பார்த்தாள், தலையணையில் தோளைத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் முழுக்கப் பனி வெள்ளையாக நின்றது. அவ்வளவுதான் படத்தில் இருந்தது.

"யாருமே வரலையே," என்றார் ரங்கராஜன். குரல் வேறு மாதிரி இருந்தது. "மது, இந்த ஆத்துல நம்மளைத் தவிர யாரும்மா இருக்கா?"

"அப்பா, ப்ளீஸ். கேமரா பாத்ரூம்ல இல்லியே. குளிப்பாட்டறப்போ அவ என்ன பண்றான்னு நமக்கு என்ன தெரியும்?"

மாலையில் மது முத்துமாரிக்குப் போன் செய்தாள். நாளை முதல் வர வேண்டாம் என்றாள். அம்மாவை முரட்டுத்தனமாகப் பிடித்திருக்கிறாய், விரல் பதிந்திருக்கிறது, போலீசுக்குச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். முத்துமாரி பதில் பேசுவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பாள். முத்துமாரி திங்கட்கிழமை காலை வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வழக்கமான நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் நின்றாள். மது லீவு போட்டு அங்கேயே இருந்தாள்.

"வேலைக்கு வரல தீதி. ஒரு தபா மாமி கையப் பாத்துட்டுப் போயிடறேன்."

ரங்கராஜன் கதவைத் திறந்துவிட்டார்.

பட்டுவைக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். இவளைக் கண்டதும், "வா," என்றாள். முத்துமாரி தூக்குவதற்கு நிற்பதுபோல எதிரில் நின்று, மாமியின் ரவிக்கைக் கைக்குக் கீழே பார்த்தாள். கட்டைவிரல் இருந்தது. குனிந்து பின்பக்கம் பார்த்தாள். ஆட்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றும் முழுசாய் இருந்தன. மோதிர விரல் நுனி இல்லாமல் குட்டையாய் முடிந்திருந்தது.

அவள் தன் வலது கையைத் தூக்கி, தோலில் படாமல் ஒரு விரற்கடை தள்ளி, அந்தத் தடத்தின் மேல் பிடித்தாள். ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

மறந்தும் அழுத்தியதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கை இருக்கிறது. அவள் நரேலாவில் தூங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கை மட்டும் இங்கே வந்து எழுந்திருக்கிறது. தனக்குத் தெரியாமல் தன் கை ஏதாவது செய்கிறதா? செய்துவிட்டு மறந்துவிடுகிறோமா? அந்த நினைப்பு வந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"சார்," என்றாள். "இது என் கைதான்."

மது விருட்டென்று எழுந்தாள். "சொன்னேனா இல்லியா? பாருங்கப்பா."

"என் கைதான் தீதி. மோதிர விரல் பாருங்க, எனக்கு மட்டுந்தான் இப்படி. ஆனா நான் அழுத்தல. எம் புள்ள மேல சத்தியமா அழுத்தல. எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. எனக்கே பயமா இருக்கு."

அதற்குப் பதில் சொன்னவர் ரங்கராஜன்தான். தப்புச் செய்தவள் இரண்டு மணி நேரம் பயணம் பண்ணி வந்து தன் விரலைத் தானே காட்டிக் கொடுப்பாளா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நாலு மணிக்கு ஸ்கின் டாக்டர்கிட்ட போறோம். நீயும் வா," என்றார்.

டாக்டர் கௌஷிக் டில்லிக்காரர், ஐம்பது வயது இருக்கும். நாலு வருஷம் முன்பு பட்டுவின் முதுகில் சோதனை செய்தவர் அவர்தான். பூதக்கண்ணாடி வைத்துத் தடத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு ஹிந்தியில் சொன்னார்.

"இது அடியோ பிடியோ இல்லை. பிடித்துக் கன்றியிருந்தால் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டி நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். இது தோலுக்கு மேலே பொடிப்பொடியாகப் பொங்கியிருக்கிறது, அரிக்கிறது. ஒவ்வாமை. ஏதோ ஒன்று கை வடிவத்தில் வந்து ஒட்டியிருக்கிறது." முத்துமாரியைத் திரும்பிப் பார்த்தார். "கையைக் காட்டுங்கள். என்ன தடவுகிறீர்கள்?"

முத்துமாரி பையிலிருந்து வெள்ளைப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். கூடவே சிட்டையையும் வைத்தாள்.

"தீதி எழுதிக் குடுத்த எழுத்துதான். ஒத்துப் பாத்துத்தான் வாங்கினேன்."

மது புட்டியைத் திறந்து மோந்தாள். ரங்கராஜன் மோந்தார். டாக்டரும் மோந்தார். மூவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். எறும்பு வரிசைபோல எழுத்து. ரங்கராஜன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புட்டியைக் கண்ணோடு ஒட்டி வைத்து வாசித்துக்கொண்டே போனார். கடைசிக்கு முந்தின சொல்லில் நின்றார்.

"ஃப்ராகிரன்ஸ்," என்றார். "மது, வாசனைன்னு போட்டிருக்கான். முன்னாடி மணமில்லைன்னு போட்டுட்டுப் பின்னாடி வாசனைன்னு போட்டிருக்கான்."

"இரண்டும் பொய்யில்லை," என்றார் டாக்டர். "கிரீம் செய்கிற எண்ணெய்க்கும் மெழுகுக்கும் சொந்தமாக ஒரு வாடை உண்டு. அது மூக்குக்குத் தெரியாமல் இருக்க, கொஞ்சம் வாசனைப் பொருளைப் போட்டு அமுக்கிவிடுவார்கள். அன்சென்டட் என்றால் பெரும்பாலும் மோந்தால் மணம் தெரியாது என்றுதான் அர்த்தம், உள்ளே வாசனைப் பொருள் இல்லை என்று அர்த்தமில்லை. ஃப்ராகிரன்ஸ் ஃப்ரீ என்று போட்டால்தான் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று பொருள். மூக்கை ஏமாற்றலாம். இவருடைய தோலை ஏமாற்ற முடியாது."

"ரெண்டும் ஒண்ணுன்னுதான் நான் நெனச்சிண்டிருந்தேன்," என்றாள் மது. அவள் பார்வை சிட்டையின் மேல் இருந்தது.

"நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்."

"ஆனா இவங்க தினமும்தானே தொடறாங்க? ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன்?"

டாக்டர் வாரம் எப்படிப் போகிறது என்று முத்துமாரியிடம் கேட்டார். அவள் சொன்னாள். மற்ற நாளெல்லாம் மாமிக்கு உடம்பைத் துடைத்துவிடுவதுதான், அதுவும் பாதிப் பாதியாக. தூக்கும்போது முழுக்கை ஸ்வெட்டர் இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நாற்காலியில் உட்கார வைத்து முழுக்குளியல். வெகுநேரம் தண்ணீரில் இருப்பதால் கை எரியும். அதனால் துடைத்துப் புட்டியிலிருந்து நிறையத் தடவிக்கொண்டு, அந்தக் கையோடு மாமியின் வெற்றுத் தோளைப் பிடித்துக் கட்டிலுக்கு மாற்றுவாள். ஈரத்தோல். முதுகில் ஒரு கை கொடுத்துப் படுக்க வைப்பாள்.

"வெள்ளிக்கிழமை பட்டது. இந்த ஒவ்வாமை உடனே காட்டாது, ஒன்றிரண்டு நாள் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை எழும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறை படும்போதும் இன்னும் வலுவாக வரும். ஆனால் இது இன்னும் என் ஊகம்தான். புட்டியில் வேறு பொருள்களும் இருக்கின்றன. சோதித்துப் பார்த்துவிடுவோம். முதலில் இது ஆறட்டும்."

தடங்களுக்கு ஒரு மருந்து எழுதினார். ஆறிய பிறகு, தடம் படாத முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு அந்தப் புட்டியிலிருந்து காலையும் மாலையும் தடவ வேண்டும். மற்றக் கையில், அதே இடத்தில், வாசனைப் பொருளே சேர்க்காத ஒன்று. ஒரு வாரம், பத்து நாள் பார்க்கலாம். அரிப்பு வந்த உடனே நிறுத்திவிட வேண்டும்.

அதுவரை முத்துமாரி வர வேண்டாம் என்று மது சொன்னாள். ஆனால் இந்த முறை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மூன்று வாரம் முத்துமாரி நரேலாவில் இருந்தாள். டாக்டர் சொன்னது மண்டைக்குப் புரிந்தது, கைக்குப் புரியவில்லை. காலையில் பனி ஜன்னலை அடைத்து நிற்கும்போது விரித்த கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வாசனையும் இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒன்று இதிலிருந்து போய் இன்னொருத்தர் தோலில் இரண்டு நாள் பதுங்கியிருந்து எழுந்து வந்திருக்கிறது. இன்னும் எங்கெல்லாம் பதித்திருக்கிறதோ? மகள் தலை வாரிவிடச் சொல்லி வந்து முன்னால் உட்கார்ந்தாள். முத்துமாரி சீப்பை எடுத்துவிட்டு, பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நீயே வாரிக்கோ."

"ஏம்மா?"

"கை சரியில்ல."

பூவராகவன் ஒருநாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் முன்கையில் அழுத்தி வைத்தான். "ரெண்டு நாள் கழிச்சுப் பாப்போம். எனக்கு எதும் வருதான்னு," என்றான். இரண்டு நாள் கழித்துக் காட்டினான். ஒன்றும் வரவில்லை. அப்படியும் அவள் சோறு பிசைந்து போடுவதை நிறுத்தி, கரண்டியால் போட்டாள்.

ஜனக்புரியில் சோதனையை ரங்கராஜன் தன் கையால் செய்தார். காலையும் மாலையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, இடது முழங்கையில் அந்தப் புட்டி, வலது முழங்கையில் வாசனைப் பொருள் சேர்க்காதது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் மாலை மது வந்து பார்த்து, வெறும் தோல்தான் இருக்கிறது என்றாள். அன்று அவள் முத்துமாரியைப் பற்றி மறுபடியும் சந்தேகப்பட்டாள் என்று பின்னால் அவளே சொன்னாள்.

நான்காம் நாள் காலை ரங்கராஜன் திரையை விலக்கிவிட்டுக் கட்டிலருகே வந்தார். பட்டு விழித்திருந்தாள். வலது கை செயலற்றுக் கிடந்தது, அதன் உள்பக்கம் சுத்தமாக இருந்தது. இடது முழங்கையைத் திருப்பினார். நேற்றுவரை ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டம், பொடிப்பொடியாகச் சிவந்து எழும்பியிருந்தது. விளிம்பு வரைந்தது போல இருந்தது.

அவருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. தானே தடவியது என்று தெரிந்தும் சிலிர்த்தது. உடனே முத்துமாரிக்குப் போன் போட்டார்.

"வந்துடுத்தும்மா," என்றார். "என் கையாலயும் வந்துடுத்து."

முத்துமாரி மறுமுனையில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் கௌஷிக் வட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். இந்தப் புட்டிதான், பழைய சோதனையையும் சேர்த்துப் பார்த்தால் அதிலுள்ள வாசனைப் பொருள்தான் என்று நினைக்கலாம் என்றார். முன்பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள், ஃப்ராகிரன்ஸ் ஃப்ரீ என்று போட்டதிலும் சிலர் லாவண்டர் எண்ணெய் மாதிரிச் செடி எண்ணெய்களைச் சேர்த்திருப்பார்கள், எப்போதும் பின்பக்கத்தை வாசியுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

மது ஜனக்புரியிலிருந்து நரேலாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான்கு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். கொடுத்த டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எழுதின வார்த்தை தப்பு," என்றாள். "தப்பை நான் பண்ணிட்டு உங்களைப் போலீஸ்ல குடுக்கறேன்னு சொன்னேன்."

"தெரியாமதானே தீதி."

"தெரியாமதான். ஆனா கேக்காம சொன்னேன் இல்லியா? சாரி முத்துமாரி."

பரவாயில்லை என்று வாய்வரை வந்ததை முத்துமாரி வேண்டுமென்றே சொல்லாமல் வைத்துக்கொண்டாள். அந்த மூன்று வாரம் பட்ட பாட்டை அப்படிச் சுலபமாகத் துடைத்துவிட முடியாது. திங்கட்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை போனபோது ஃபிரிட்ஜில் பழைய தாள் இல்லை. புதிய தாளில் ஹிந்தியில் எழுதியிருந்தது. முன்பக்கத்தில் ஃப்ராகிரன்ஸ் ஃப்ரீ என்று இரண்டு சொல்லும் சேர்ந்து இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஃப்ராகிரன்ஸ், பர்ஃப்யூம், பர்ஃபம் எதுவும் இருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் படம் எடுத்து அனுப்பு. ஒரே சொல் முன்னால் இருந்தால் நல்லது, பின்னால் இருந்தால் கெட்டது என்பது முத்துமாரிக்கு விசித்திரமாக இருந்தது. அந்தச் சொற்களை எல்லாம் அவள் தமிழ்செல்வியிடம் எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். குளித்தபின் மாமியைத் தூக்கும்போது மருந்துக் கடைக் கையுறை போட்டுக்கொண்டாள்.

முதல் வெள்ளிக்கிழமை கையுறையைப் போட்டுக்கொண்டு மாமியின் எதிரில் நின்றாள். பட்டுவின் தோளுக்கருகே கொண்டுபோன கைகளை அங்கேயே நிறுத்திவிட்டாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பட்டு குளிரில் ஒடுங்கி, அவளையே பார்த்தாள்.

"வா," என்றாள்.

முத்துமாரி பிடித்துத் தூக்கினாள்.

அந்த ஞாயிறு அவள் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இருந்தாள். பதினொரு மணிக்கு ரங்கராஜனுக்குப் போன் செய்தாள். அவர் போய் ஸ்வெட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். அடுத்த ஞாயிறும் கேட்டாள். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டாள். மார்ச்சில் வெயில் வந்து கை வெடிப்பு ஆறிய பிறகும் கேட்டாள். ரங்கராஜன் ஒருமுறைகூட, ஏன் கேட்கிறாய் என்று கேட்டதில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டே வந்து சொன்னார்.